இணைப்பு வரவில்லை, அண்ணா

2018இல் சைகோனுக்கு வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. கோவை, திருப்பூர்ப் பக்கத்துப் பருத்தி நூலை இங்குள்ள ஆலைகளுக்கு விற்றுக் கொடுப்பது என் வேலை. நகருக்கு வடக்கே பின் யூங் பக்கம் நிட்டிங் ஆலைகள் நிறைய. அதில் ஒன்றின் கொள்முதல் மேலாளரை அதற்கு முந்தின வாரம்தான் நேரில் பார்த்து, எனக்குத் தெரிந்த அரைகுறை வியட்நாமிய மொழியில் பேசிவிட்டு வந்திருந்தேன். ஐம்பது வயது இருக்கும். நான் அவர் மொழியில் பேசியது பிடித்துப்போய், அதே மொழியில் ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். ஒரே வரி: 'எம் கூய் அன் பாவ் யா ஞா.'

எனக்கு அப்போது நூறு சொற்கள் தெரிந்திருந்தால் அதிகம். இந்த வரியில் இருப்பதெல்லாம் அந்த நூறுக்குள் அடக்கம். எம் என்றால் தம்பி அல்லது தங்கை. கூய் என்றால் அனுப்பு. அன் என்றால் அண்ணன். பாவ் யா என்பது கொட்டேஷன். ஞா என்பது நம் ஊரில் 'சரியா', 'என்ன' என்று வாலில் ஒட்டுகிறோமே, அந்த மாதிரி.

எங்கள் அலுவலகப் பெண்கள், ஷிப்பிங் ஏஜெண்ட் பையன் எல்லோரும் தினமும் எனக்கு 'எம் கூய் அன்' என்றுதான் எழுதுவார்கள். 'நான் உங்களுக்கு அனுப்புகிறேன்' என்று பொருள். கீழே பில்லோ பேக்கிங் லிஸ்ட்டோ இருக்கும். ஆக இதையும் அப்படியே வாசித்தேன்: 'நான் உங்களுக்குக் கொட்டேஷன் அனுப்புகிறேன்.' வாங்குகிறவர் எதற்கு விற்கிறவனுக்கு கொட்டேஷன் அனுப்ப வேண்டும்? மற்ற ஆலைகளின் விலையைக் காட்டிப் பேரம் பேசப் போகிறார் போலிருக்கிறது என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன். கீழே பார்த்தால் ஒன்றும் இல்லை. மறந்திருப்பார். மரியாதையாக ஒரு பதில் போட்டேன்: 'இணைப்பு வரவில்லை, அண்ணா.'

இரண்டு நாள் காத்திருந்தேன். மூன்றாம் நாள், எங்கள் அலுவலகத்தில் கணக்கு பார்க்கும் அக்காவிடம் அந்த வரியைக் காட்டினேன். அவர் என் பதிலையும் சேர்த்துப் படித்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். திரும்பி வந்து சொன்னார்: 'தம்பி, அவர் உனக்கு எதையும் அனுப்பவில்லை. நீதான் அனுப்ப வேண்டும்.'

'தம்பி, அண்ணனுக்கு கொட்டேஷன் அனுப்பிவிடு, சரியா.' அதுதான் அந்த வரி. 30ஆம் நம்பர் கோம்ப்டு நூல், ஒரு கன்டெய்னர். விலை கேட்டவருக்கு மூன்று நாள் விலை சொல்லாமல், இணைப்பைக் காணோம் என்று அவரையே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவசரமாக ஃபோன் செய்தபோது வேறொருவரிடம் வாங்கியாகிவிட்டது.

இதில் என் மடத்தனம் எவ்வளவு, மொழியின் குறும்பு எவ்வளவு என்று இன்றும் எனக்குள் ஒரு கணக்கு ஓடுகிறது. தமிழில் இந்தக் குழப்பம் வர வழியே இல்லை. அனுப்புகிறேன் என்றால் நான். அனுப்புங்கள் என்றால் நீங்கள். எழுவாயை விழுங்கிவிட்டாலும் வினையின் வால் காட்டிக்கொடுத்துவிடும். வியட்நாமிய வினைக்கு வாலே கிடையாது. யார் அனுப்பினாலும், யாருக்கு அனுப்பினாலும், எப்போது அனுப்பினாலும் கூய்தான். சரி, எழுவாயைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்றால், அங்கே அன்றாடப் பேச்சில் நான், நீ என்ற சொற்கள் வருவதே அரிது. அந்த நாற்காலிகளில் அண்ணனும் தம்பியும் உட்கார்ந்திருக்கிறார்கள். எழுதுகிறவர் இளையவர் என்றால் தம்பி என்பது 'நான்'. எழுதுகிறவர் மூத்தவர் என்றால் அதே தம்பி 'நீ'. ஒரு எழுத்து மாறாமல் அதே வாக்கியம் 'நான் உங்களுக்கு அனுப்புகிறேன்' என்றும் 'நீ எனக்கு அனுப்பு' என்றும் ஆகிவிடும். அனுப்பியவர் பெயரைப் பார்த்து, அவருக்கும் நமக்கும் வயதில் யார் மூப்பு என்று தெரிந்திருந்தால்தான் வாக்கியத்துக்கே பொருள் கிடைக்கும். ஐம்பது வயதுக்காரர் முப்பத்தாறு வயதுக்காரனிடம் தன்னைத் தம்பி என்று சொல்லிக்கொள்ள மாட்டார். இந்த எளிய விஷயம் எனக்கு உறைக்கவில்லை.

நமக்கு இது பழக்கப்பட்ட இடம் மாதிரி தோன்றும். அதுதான் வழுக்குகிற இடமும். பஸ் கண்டக்டர் நமக்கு அண்ணன், பூக்காரம்மா அக்கா. ஆனால் 'அண்ணா, நீங்க எங்க போறீங்க' என்னும்போது அண்ணா ஒரு விளிதான். அடியில் 'நீங்க' பத்திரமாக இருக்கிறது. அண்ணா என்பதை எடுத்துவிட்டாலும் வாக்கியம் நிற்கும். அதைவிட முக்கியம், கண்டக்டரிடம் பேசினாலும் கலெக்டரிடம் பேசினாலும் நான் எப்போதும் நான்தான். இங்கே எதிராளி மாறினால் நானும் மாற வேண்டும். இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரே சுங் ஹோ. சுங் என்றால் தன்னைச் சொல்லிக்கொள்வது, ஹோ என்றால் எதிராளியை அழைப்பது. இரண்டும் ஜோடியாகத்தான் வரும். அவரை அன் என்றால் நான் எம். பெண்ணாக, என்னைவிட மூத்தவராக இருந்தால் அவர் 'சி'. (அக்காவைப் பார்த்து முகம் சுளிக்காமல் 'சி' என்று சொல்லிப் பழக எனக்கு ஒரு மாதம் ஆனது. தமிழன் வாயில் அது வேறு மாதிரி வருகிறது.)

நான் இங்கே எழுதும் உச்சரிப்பெல்லாம் சைகோன் உச்சரிப்பு. ஹனோய்க்காரர் படித்தால் சிரிப்பார். ஏற்ற இறக்க ஓசைகளைத் தமிழ் எழுத்தில் கொண்டுவர முடியாது, அதை விட்டுவிடுகிறேன்.

இங்கே வருவதற்கு முன் சென்னையில் ஒரு மாத வகுப்பு போயிருந்தேன். அங்கே 'நீங்கள்' என்பதற்கு 'பான்' என்று சொல்லிக்கொடுத்தார்கள். பாடப்புத்தகத்துக்கு வயது கிடையாதே. பான் என்றால் நண்பன். ஒத்த வயதுக்காரர்களுக்குள், கல்லூரியில், இளைஞர்கள் நடத்தும் சாஃப்ட்வேர் கம்பெனிகளில் அது நன்றாகவே ஓடுகிறது. ஆனால் நான் வந்த புதிதில் ஓர் ஆலையின் துணை இயக்குநருக்கு, என் அப்பா வயதுக்காரருக்கு, மூன்று பத்தி மின்னஞ்சலில் ஏழு இடத்தில் பான் போட்டிருந்தேன். திட்டி யாரும் பதில் எழுதவில்லை. பதிலே வரவில்லை, அவ்வளவுதான். அக்காதான் பிற்பாடு எடுத்துக் காட்டினார். 'வெளிநாட்டுக்காரன் என்று மன்னித்திருப்பார்கள். ஆனால் நீ எழுதியதை ஒரு மனுஷன் எழுதியதாக நினைத்திருக்க மாட்டார்கள். விளம்பரம் என்று நினைத்திருப்பார்கள்' என்றார்.

அதன் பிறகு புது ஆளுக்கு எழுதும் முன் நான் செய்யும் முதல் காரியம், அவருக்கு என்ன வயது என்று துப்பறிவது. கேட்கவே கூச்சப்படத் தேவையில்லை. நேரில் பார்த்தால் இரண்டாவது கேள்வியே 'எந்த வருஷம் பிறந்தீர்கள்' என்பதாகத்தான் இருக்கும். நம் ஊரில் என்ன சம்பளம் என்று கேட்பது போல சாதாரணம். சிலர் எந்த விலங்கு வருஷம் என்று கேட்பார்கள். நான் 1982, நாய் வருஷம். 'நாயா, அப்படியானால் எனக்கு நீ தம்பி' என்று அங்கேயே உறவு முடிவாகிவிடும். ஒரு வயது மூப்பு இருந்தாலும் போதும், அண்ணன்தான்.

நேரில் பார்க்காதவர் என்றால்தான் வேலை. பழைய மின்னஞ்சல் முகவரிகளின் வாலில் பலர் பிறந்த வருஷத்தைச் சேர்த்திருப்பார்கள். லிங்க்ட்இன்னில் பட்டம் வாங்கிய வருஷத்திலிருந்து இருபத்திரண்டைக் கழிக்கலாம். ஸாலோவில் படம் இருக்கும். இங்கே வாட்ஸ்ஆப் இடத்தில் ஸாலோதான். இது எதுவும் கிடைக்காவிட்டால் அவரோடு முன்பு பேசிய யாரிடமாவது 'நீங்கள் அவரை எப்படி அழைக்கிறீர்கள்' என்று கேட்பேன். யாரும் இதை வம்பாக நினைப்பதில்லை. எல்லோரும் செய்வதுதான்.

ஆணா பெண்ணா என்பது அடுத்த பாடு. பழைய பாணிப் பெயரில் நடுவில் வான் இருந்தால் ஆண், தி இருந்தால் பெண். இப்போதைய பிள்ளைகளுக்கு அப்படி வைப்பது குறைந்துவிட்டது. மின், ஹா, தான், பூங் எல்லாம் இருபாலுக்கும் பொது. அன் என்றே பெயர் வைத்துக்கொள்கிறார்கள், அதுவும் பெரும்பாலும் பெண்கள். அப்படி ஒருவருக்கு எழுத வேண்டியிருந்தால் 'சி அன்' என்று வரும். எழுதும்போதே கை ஒரு கணம் நிற்கும், அக்கா அண்ணா என்று எழுதுகிற மாதிரி. ஒன்றும் தெரியாதபோது 'அன்', 'சி' இரண்டையும் நடுவில் ஒரு சாய்கோடு போட்டு எழுதிவிடலாம், தவறில்லை. ஆனால் இரண்டாவது மின்னஞ்சலிலும் அந்தச் சாய்கோடு இருந்தால், நீ இன்னும் என்னை யாரென்று விசாரிக்கவில்லையா என்று எதிராளிக்குத் தோன்றும்.

பெயரைப் பற்றி ஒரு சொல். கையெழுத்துப் பகுதியில் ங்குயென் வான் ஹுங் என்று ஒருவர் எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். (தமிழில் சொல் முதலில் வேலையே இல்லாத ங-வுக்கு இந்த நாட்டில் நல்ல கிராக்கி.) அவரை 'அன் ங்குயென்' என்று அழைத்துவிடக் கூடாது. முதலில் இருப்பது குடும்பப் பெயர், கிட்டத்தட்ட பத்தில் மூன்று, நான்கு பேருக்கு அதுதான். அலுவலகத்தில் அன் ங்குயென் என்று கூப்பிட்டால் பாதி அறை திரும்பும். கடைசிப் பெயரைச் சொல்லித்தான் அழைக்க வேண்டும்: அன் ஹுங். 1954இல் தியன் பியன் ஃபூவில் பிரெஞ்சுப் படையை வென்ற தளபதி வோ ங்குயென் ஜியாப்பையும் ஜெனரல் ஜியாப் என்றுதானே சொல்கிறோம். ஹோ சி மின் ஒரு விலக்கு. அவரைக் குடும்பப் பெயர் போட்டு 'பாக் ஹோ' என்பார்கள். பாக் என்றால் பெரியப்பா.

வயதை வைத்து எல்லாம் முடிந்துவிடும் என்றால் இது சுலபம். பதவியும், பணம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதும் நடுவில் புகுந்துவிடும். எனக்கு இருபத்தெட்டு வயதுள்ள வாடிக்கையாளர் ஒருவர் இருந்தார், ஒரு சின்ன ஆலையின் முதலாளி மகள். வயதுக் கணக்கில் எனக்கு எம். ஆனால் நான் விற்கிறவன். நான் அவரை சி என்று எழுதினேன், என்னை எம் என்று சொல்லிக்கொண்டேன். அதாவது என்னைவிடப் பத்து வயது சின்னப் பெண்ணிடம் 'அக்கா, தம்பி கேட்டுக்கொள்கிறேன்' என்று எழுதினேன். இங்கே விற்பனைக்காரர்கள் எல்லோரும் செய்வதுதான். ஆனால் அவர் பதிலில் என்னை அன் என்றே எழுதினார், தன்னை எம் என்று சொல்லிக்கொண்டார். ஆறு மாதம் அவர் எனக்குத் தங்கை, நான் அவருக்குத் தம்பி. ஒரே கடிதத் தொடரில் இருவருமே எம். இருவரும் ஒருவரை ஒருவர் மேலே தூக்கிவிட்டுக்கொண்டே இருந்தோம். 'வாசலில் நின்றுகொண்டு நீங்க முதல்ல போங்க, இல்லை நீங்க போங்க என்கிற மாதிரி இருக்கிறது' என்றார் கணக்கு அக்கா. கடைசியில் ஒரு நாள் அந்தப் பெண்ணே ஃபோனில், 'அண்ணா, போதும், நான் தங்கையாகவே இருந்துகொள்கிறேன்' என்று முடித்துவைத்தார். முடித்துவைக்கிற உரிமை வாங்குகிறவர் பக்கம்தான். நானாக அவரை எம் என்று ஆரம்பித்திருந்தால் அது வேறு கதை.

அலுவலகத்துக்குள் இன்னொரு விதம். முப்பது வயது மேலாளருக்குக் கீழே ஐம்பது வயது மெக்கானிக். மேலாளர் அவரை அன் அல்லது சூ என்பார். சூ என்றால் சித்தப்பா. மெக்கானிக் மேலாளரைத் தம்பி என்று சொல்ல முடியாது, அண்ணன் என்றும் மனசு வராது. அப்போது கைகொடுப்பது 'செப்'. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன சொல், முதலாளி என்ற பொருளில். நம் 'சார்' மாதிரி, வயதைத் தொடாமல் வேலையை முடித்துவிடும்.

ஒரு மின்னஞ்சலைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒரு சாயப்பட்டறையில் ஆர்டர் பார்க்கும் பெண், பிறந்தது 1994, எனக்கு எழுதியது. பிரதியில் அவள் மேலாளர் இருக்கிறார், என்னைவிட மூன்று வயது மூத்தவர். தொடக்கமே 'டியர் அன்', பக்கத்தில் என் பெயர். டியர் ஆங்கிலம், அன் உள்ளூர். இப்படித்தான் இங்கே முக்கால்வாசி மின்னஞ்சல் ஆரம்பிக்கும், 'தேங்க்ஸ் அன்' என்று முடியும். ஆங்கிலம் எவ்வளவு கலந்தாலும் அந்த அன் மட்டும் உதிராது. அடுத்த வரி 'யா, எம்' என்று தொடங்கியது. யா என்பது பணிவாகப் பேச்சைத் தொடங்கும் ஒலி. நம் 'ஐயா'வில் பாதி என்று நான் ஞாபகம் வைத்துக்கொண்டேன், மொழியியல் எதுவும் இல்லை. வரியின் கடைசியில் 'ஆ' என்று ஒன்று வரும், அதுவும் பணிவுதான். முன்னால் யா அல்லது பின்னால் ஆ இருந்தால் எழுதுகிறவர் கீழே நின்று மேலே பார்த்துப் பேசுகிறார் என்று பொருள். அப்படியானால் அந்த வரியில் எம் என்பது 'நான்'. என் கொட்டேஷன் வரியில் இந்த இரண்டுமே இல்லை. அதைக் கவனித்திருந்தாலே ஒரு கன்டெய்னர் தப்பித்திருக்கும்.

பிறகு விஷயம்: துணி இரண்டு நாள் தாமதமாகும். 'பேன் எம்' இயந்திரம் பழுது என்று எழுதியிருந்தாள். பேன் என்றால் பக்கம். பேன் எம், தங்கை பக்கம், அதாவது எங்கள் கம்பெனி. பேன் அன், அண்ணன் பக்கம், அதாவது உங்கள் கம்பெனி. 'எங்க சைடுல கொஞ்சம் லேட்டு' என்று நாம் சொல்வது அப்படியே. இதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், நூற்றுக்கணக்கான ஆட்கள் வேலை செய்யும் பட்டறை மொத்தமும் அந்தப் பெண்ணின் வயதுக்கு இறங்கிவிடுகிறது. அவள் எழுதும்போது முழு ஆலையும் எனக்குத் தங்கை. அதே ஆலைக்காக அவள் மேலாளர் எழுதினால் 'பேன் அன்'. அப்போது பேன் அன் என்பது என் கம்பெனி இல்லை, அவர் கம்பெனி! இப்போது நான் அதை வாசித்துக் குழம்புவதில்லை. ஆனால் சென்னையிலிருந்து புதிதாக வந்த பையன் போன மாதம் இதிலேயே விழுந்தான். இயந்திரப் பழுது நம்முடையது என்று அவர்கள் சொல்கிறார்களாம். கோபமாக வந்து நின்றான்.

அவள் மின்னஞ்சலின் கடைசிப் பத்தி மேலாளருக்கானது. அவர் பெயருக்கு முன்னால் அந்த அட் குறி போட்டு, 'அன், எம்முக்காக இதை ஒப்புதல் செய்து தாருங்கள்' என்று ஒரு வரி. இங்கே எம் அவள்தான், ஆனால் அன் இப்போது நான் இல்லை. ஒரே மின்னஞ்சலில் இரண்டு அன். பெயரும் அட் குறியும் இல்லாவிட்டால் எந்த அண்ணன் எதைச் செய்ய வேண்டும் என்று தெரியாது. அவளுக்கு நாங்கள் இருவரும் மூத்தவர்கள் என்பதால் இதோடு தப்பித்தாள். நான் அதற்கு 'எல்லோருக்கும்' பதில் போடும்போதுதான் சிக்கல். அவளுக்கு நான் அன், மேலாளருக்கு நான் எம். ஒரே பத்தியில் என்னை எப்படிச் சொல்லிக்கொள்வது? நான் செய்வது, பத்தியைப் பிரித்துவிடுவது. மேலாளர் முதலில், அவள் அடுத்து. மேலே எம், கீழே அன். பிரிக்க முடியாத பொது வரியில் 'மின்' என்று போடுவேன். அதற்குத் தான், தன்னை என்ற மாதிரி ஒரு பொருள், யாருக்கும் உறுத்தாது. மேலதிகாரிகள் நாலு பேர் இருக்கும் பிரதியில் மட்டும் மின் போடத் துணிய மாட்டேன். அங்கே இருப்பவர்களில் மூத்தவரைப் பார்த்து எம் என்று இருந்துகொள்வது உத்தமம்.

சரி, யாருக்கும் உறவாகாத ஒரு 'நான்' இல்லவே இல்லையா என்றால், இருக்கிறது. 'தோய்'. அகராதியில் நான் என்பதற்கு அதுதான் முதலில் வரும். பழைய பொருள் ஊழியன், அடிமை. நம் 'அடியேன்' மாதிரி. தேய்ந்து தேய்ந்து பொதுவான 'நான்' ஆகிவிட்டது. மேடைப் பேச்சில் அது கம்பீரமாகவே இருக்கும். 1945 செப்டம்பர் 2 அன்று ஹனோயில் விடுதலைப் பிரகடனத்தை வாசித்துக்கொண்டே ஹோ சி மின் நடுவில் நிறுத்தி, 'நான் பேசுவது கேட்கிறதா' என்று கூட்டத்தைக் கேட்டார் என்பது இங்கே பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அந்த நான், தோய். கூட்டத்தை அவர் அழைத்த சொல் 'தோங் பாவ்', ஒரே கருவில் பிறந்தவர்கள். நமக்கு விளக்கமே வேண்டாம், உடன்பிறப்புகள். ஆனால் நேற்றுவரை அன் என்றும் எம் என்றும் எழுதிக்கொண்டிருந்த ஒருவர் இன்று மின்னஞ்சலில் தோய் என்று எழுதினால், நெஞ்சில் கொஞ்சம் பனிக்கட்டி விழும்.

2021இல் அது எனக்கு விழுந்தது. கொட்டேஷன் கேட்ட அதே ஆள். அடுத்த வருஷமே என்னிடம் வாங்க ஆரம்பித்திருந்தார், நல்ல பழக்கம். ஒரு காலை அவரிடமிருந்து வந்த மின்னஞ்சல் 'கின் கூய் ஓங்' என்று தொடங்கியது. கின் கூய் என்றால் வணக்கத்துடன் அனுப்புவது, அரசாங்கக் கடிதத் தலைப்பு. ஓங் என்றால் தாத்தா, கடித வழக்கில் திருவாளர். தம்பியாக இருந்தவன் ஒரே இரவில் தாத்தா ஆகிவிட்டேன். கீழே 'சுங் தோய்', நாங்கள். தமிழில் போலவே இங்கேயும் இரண்டு உண்டு: சுங் தா என்றால் கேட்பவரையும் சேர்த்த நாம், சுங் தோய் என்றால் அவரை விலக்கிய நாங்கள். பழைய மின்னஞ்சல்களில் 'நாம் இந்த வாரம் முடித்துவிடலாம்' என்பார். இதில் முழுக்க நாங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று படிப்பதற்கு முன்பே என் வயிறு சொல்லிவிட்டது.

உள்ளே இருந்தது, நூலில் பிளாஸ்டிக் இழை. பஞ்சு மூட்டையின் பாலிப்ரொப்பிலீன் சாக்கு நார் கலந்துவிட்டால் நூலில் கண்ணுக்குத் தெரியாது. துணியாக நெய்து சாயம் போட்ட பிறகு, சாயம் ஏறாத அந்த நார் வெள்ளைக் கீறலாகத் தெரியும். கருநீலத் துணி, மொத்தமும் வீண். நஷ்ட ஈடு கேட்டிருந்தார்.

நான் உடனே 'அன் ஹுங்' பாணியில் (அவர் பெயர் அதுவல்ல) உருக்கமாக ஒரு பதில் எழுதினேன். அண்ணா, தம்பி பார்த்துக்கொள்கிறேன், தம்பியை நம்புங்கள் என்று. அனுப்பும் முன் கணக்கு அக்காவிடம் காட்டினேன். அவர் முழுதையும் அழிக்கச் சொன்னார். 'அவர் கோபத்தில் அப்படி எழுதவில்லை. இந்தத் தாள் அச்சாகி அவர் இயக்குநர் மேஜைக்குப் போகும். அதில் நீ அவரை அண்ணா என்று எழுதியிருந்தால், தம்பிக்கு இடம் கொடுத்து நூல் வாங்கியவர் என்று பேர் வரும். நீயும் கின் கூய் ஓங் என்று எழுது. அப்புறம் ஃபோனில் அண்ணா என்று கூப்பிடு' என்றார்.

அப்படியே செய்தேன். மின்னஞ்சலில் நான் தோய், அவர் ஓங், லாட் நம்பர், எத்தனை கிலோ, எந்த ஆய்வகத்தில் சோதனை, எத்தனை நாளில் பதில். ஃபோன் போட்டதும் மறுமுனையில் 'எம் ஓய்' என்றார். தம்பி டேய் என்ற மாதிரி. குரலில் கோபம் இருந்தது, ஆனால் உறவு அப்படியே இருந்தது. இரண்டு மாதம் எங்கள் மின்னஞ்சல்களில் தாத்தாக்கள் கடிதம் எழுதிக்கொண்டார்கள், ஃபோனில் அண்ணனும் தம்பியும் அடித்துக்கொண்டார்கள். கடைசியில் பாதித் தொகைக்குக் கழிவு கொடுத்து முடிந்தது. முடிந்த மறுநாள் வந்த மின்னஞ்சலில் ஒரே வரி. எம் கூய் அன் பாவ் யா ஞா. இந்த முறை இருபது நிமிடத்தில் அனுப்பினேன்.

என் மனைவிக்கும் இந்த மொழியோடு ஒரு கணக்கு உண்டு. இங்கே கணவன் மனைவியும் காதலர்களும் ஒருவரை ஒருவர் அன், எம் என்றுதான் அழைத்துக்கொள்வார்கள். வந்த புதிதில் ஒரு சீரியலில் அதைப் பார்த்துவிட்டு, என் ஃபோனில் ஷிப்பிங் கம்பெனிப் பெண் எழுதிய 'அன், எம் காத்திருக்கிறேன்' என்ற செய்தியைக் காட்டி, இது என்ன என்றாள். பில் ஆஃப் லேடிங் திருத்தத்துக்குக் காத்திருக்கிறாள் என்று நிரூபிக்க அரை மணி நேரம் ஆனது. அத்தான் என்ற சொல்லை நம் அலுவலகங்களில் பயன்படுத்தாதது எவ்வளவு நல்லது என்று அன்றுதான் உணர்ந்தேன்.

இப்போது எனக்கு நாற்பத்து மூன்று. போன வாரம் சரக்குக் கையாளும் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் எழுதியிருந்தான். இருபத்திரண்டு வயது இருக்கலாம். 'யா, கோன் சாவ் சூ ஆ' என்று ஆரம்பம். வணக்கம் சித்தப்பா. கோன் என்றால் பிள்ளை, அதுதான் அவனுடைய 'நான்'. தொழில் வழக்கில் கூடியவரை யாரையும் சித்தப்பா ஆக்குவதில்லை. அண்ணனாகவே நீட்டித்துக்கொண்டு போவார்கள், பெண்களை இன்னும் கவனமாக அக்காவிலேயே நிறுத்திவைப்பார்கள். பையன் புதிது, யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அல்லது ஸாலோவில் என் படத்தைப் பார்த்திருக்கிறான்.

கணக்கு அக்காவிடம் காட்டினேன். 'பெரியப்பா என்று எழுதவில்லையே, சந்தோஷப்படு' என்றார். அவன் அப்பாவைவிட நான் மூத்தவன் என்றால் பாக், இளையவன் என்றால் சூ. பையன் தன் அப்பா வயதோடு என்னை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறான்.

பதில் எழுத உட்கார்ந்தேன். கன்டெய்னர் எண்ணை உறுதி செய்ய வேண்டும், அவ்வளவுதான் விஷயம். அதற்கு 'நான் பார்த்தேன், சரியாக இருக்கிறது' என்று எழுத வேண்டும். அன் என்று தட்டினேன். அவன் என்னைச் சித்தப்பா என்ற பிறகு நான் என்னை அண்ணன் என்று சொல்லிக்கொண்டால், தப்பாக எழுதிவிட்டோமோ என்று பையன் தூங்க மாட்டான். அழித்தேன். தோய் என்றால் பயந்துவிடுவான். அதையும் அழித்தேன். கடைசியில் சூ என்று தட்டி அனுப்பினேன். இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது, முன்னால் யா, பின்னால் ஆ, நடுவில் இரண்டு சூ.